மகனின் கேம் கடன்: முதல் ராத்திரியே பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

பேங்க்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரம்பூரில் வீடு. அதனால் அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் பிள்ளையின் ஆன்லைன் கேம் கடன் வெளியே வந்தாலும் யாராவது என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். நான் கணக்கு தெரிந்த ஆள் என்று நினைத்து வருகிறார்கள். என் மகன் ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டபோது நான் செய்த கூத்து அவர்களுக்குத் தெரியாது. வருகிறவர்கள் எல்லோரும் அதே கூத்தைச் செய்யத் துடிப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகள் இவை.

போனைப் பிடுங்கி உடைப்பது

கடன் கணக்கே அதில்தான் இருக்கிறது.

அவன் சொன்ன தொகையை அன்றைக்கே கட்டித் தீர்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் தவறு இதுதான்.

என் மகன் அன்று இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்றான். மறுநாள் காலையில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, மொத்தத்தையும் அவன் கணக்குக்கே அனுப்பினேன். "கட்டிட்டு எங்கிட்ட காட்டுடா" என்றேன். உண்மையான கடன் மூன்றரை லட்சம். மீதி தொண்ணூறாயிரத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அப்பா எவ்வளவு தாங்குவார் என்று கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறான். சொல்லாமல் மறைத்ததை எப்படி அடைப்பது? கைக்கு வந்த பணத்தில் நாற்பதாயிரத்தை எடுத்து, விட்டதைப் பிடிக்க மறுபடியும் ஆட உட்கார்ந்தான். அன்று ராத்திரியே அதுவும் போனது. எனக்குத் தெரிய வந்தது எட்டு மாதம் கழித்து.

முழுசாகக் கட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் முடிந்த மறுவாரமே, "நல்ல வாடிக்கையாளர்" என்று இரண்டு மடங்கு தொகைக்கு ஆப்பிலிருந்து செய்தி வரும். பழைய கடன் தீர்ந்ததும் அவனுக்குப் புதுக் கடன் வாங்கும் தகுதி கூடிவிடுகிறது. இருபத்தைந்து வருஷம் கடன் கொடுத்த எனக்கே அன்று இது உறைக்கவில்லை.

முதல் வாரம் பணம் கட்டாதீர்கள், பட்டியல் போடுங்கள். கொளத்தூரில் தெரிந்த ஒரு குடும்பத்தில் போன வருஷம் இப்படித்தான் செய்தோம். பையனுக்கு 23 வயது, சம்பளம் 24,000. கடன் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றான். அப்பா, அம்மா, அவன், நான் என்று நாலு பேர் மட்டும் உட்கார்ந்து, பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்தோம். கூடவே, அவன் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையும். அது ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் "இது யாருக்குப் போச்சு?" என்ற ஒரே கேள்விதான். "ஏன்டா?" என்று கேட்க வேண்டாம் என்று அப்பாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் ஆப்கள் இங்கே மூடப்பட்டன. இப்போது ஆடுகிறவர்கள் திருட்டுத்தனமாக நடக்கும் ஆப்களில்தான் ஆடுகிறார்கள். அதனால் ஸ்டேட்மெண்டில் கேம் பெயர் இருக்காது. முன்பின் தெரியாத தனிநபர்களுக்கு நள்ளிரவில் ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும் யூபிஐ வரிகள்தான் இருக்கும். வரவுப் பக்கத்தையும் விடாதீர்கள். தெரியாத ஆட்களிடமிருந்து பணம் வந்து உடனே வெளியே போயிருந்தால், அவன் கணக்கை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அது போலீஸ் விவகாரமாகிக் கணக்கு முடங்கும். உடனே பேங்க்கில் சொல்லுங்கள்.

மூன்று உட்காரலில் முழுத் தொகை வந்தது. கிரெடிட் கார்டு 62,000. பதிவுபெற்ற நிறுவனங்களின் இரண்டு ஆப் கடன்கள் 1,15,000. ஏழு நாள் கடன் ஆப்கள் ஐந்து, கேட்பது 35,000. நண்பர்கள் ஏழு பேர், 74,000. மீட்டர் வட்டிக்காரர் 50,000. அம்மாவின் வளையலை பேங்க்கில் வைத்தது 78,000. ஆக மொத்தம் 4,14,000. வளையல் விஷயம் மூன்றாவது நாள்தான் வெளியே வந்தது. அம்மா எழுந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து காபியோடு வந்தார்.

எல்லாக் கடனையும் ஒரே மாதிரி பார்ப்பது

அம்மாவுக்கு வளையலை முதலில் மீட்க வேண்டும். மனசுக்குச் சரி, கணக்குக்குத் தப்பு. பேங்க் நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி பத்து சதவீதம் அளவில்தான். கார்டு நிலுவைக்கு மாதமே மூன்றரை சதவீதத்துக்கு மேலும் போகும். மீட்டர் வட்டியை இரண்டோடும் ஒப்பிடவே முடியாது. அது 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

அப்பாவின் சேமிப்பிலிருந்து 1,12,000 எடுத்தோம். மீட்டர் வட்டிக்காரரிடம் அப்பாவே நேரில் போய் அசலைக் கொடுத்து, பையன் கையெழுத்துப் போட்ட புரோநோட்டைத் திருப்பி வாங்கினார். அவர் முதலில் வட்டியும் கேட்டார். சட்டத்தின் பெயரைச் சொன்னதும் அசலோடு விட்டார். கார்டைக் கட்டி, அட்டையையே ரத்து செய்தோம். பதிவுபெற்ற இரண்டு கடன்களும் பையன் சம்பளத்திலிருந்து மாதம் 9,000 தவணை. நண்பர்களுக்கு மாதம் 5,000, சிறு தொகைக்காரர்கள் முதலில். மிச்சம் 10,000 அவன் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும். சம்பளம் வந்த அன்றே இதெல்லாம் அம்மா முன்னால் போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அப்பா ஒரு ரூபாய்கூட அவன் கணக்குக்கு அனுப்பவில்லை.

ஏழு நாள் ஆப்புக்கு பயந்து கட்டிக்கொண்டே இருப்பது

அந்த ஐந்து ஆப்பிலும் பையன் கைக்கு வந்தது 21,000. ஏற்கெனவே கட்டியது 26,000. இன்னும் 35,000 வேண்டுமாம். நிஜமான நிறுவனமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி திருப்பிக் கட்டும் பணம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். யாரோ ஒருவர் பெயரில் உள்ள யூபிஐக்குக் கட்டச் சொன்னாலோ, போனில் உள்ள தொடர்பு எண்களையெல்லாம் ஆப் எடுத்திருந்தாலோ அது நிஜ நிறுவனம் இல்லை, சந்தேகமே வேண்டாம். பதிவுபெற்ற நிறுவனத்தின் வசூல்காரர்கூட காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது.

ஆப்பை அழிப்பதற்கு முன் கடன் பக்கம், மிரட்டல் செய்தி, கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். 1930-க்குக் கூப்பிட்டு cybercrime.gov.in-இல் புகார் பதிந்தோம். அப்புறம் அப்பாவே சொந்தக்காரர்களுக்கு நாலு வரி அனுப்பினார்: பையனின் போன் தகவல் திருடு போயிருக்கிறது, ஏதாவது படமோ மிரட்டலோ வந்தால் பதில் சொல்ல வேண்டாம், எனக்கு அனுப்புங்கள். மிரட்டிய மாதிரியே பையன் முகத்தை ஒட்டிய போலிப் படம் இரண்டு பேருக்கு வந்தது. பத்து நாளில் ஓய்ந்தது. ஆபத்தான ஆயுதம் என்று அந்த ஆப்காரர்கள் வைத்திருந்தது, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் ஒன்றைத்தான்.

விட்ட பணத்தை மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுப்பது

அதுவும் போகும்.

அவனைத் தனியாக விடுவது

உண்மை வெளியே வந்த முதல் சில ராத்திரிகள் அவன் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க விடாதீர்கள். ஹாலில் யாராவது கூடப் படுங்கள். "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அதைக் குத்தலாகத் திருப்பாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கொளத்தூர்ப் பையனை இரண்டாவது வாரம் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளர் பிரிவுக்கு அப்பா அழைத்துப் போனார். ஆடும் உந்துதலுக்கு மருத்துவம் தனி, கடனுக்குக் கணக்கு தனி.

இப்போது பதினோராவது மாதம். நண்பர்களில் இரண்டு பேர் பாக்கி, 19,000. வளையல் இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் வட்டியைக் கட்டி மறுபடி வைப்பதற்கான பணத்தை, போன வாரம் பையன் தனியாக ஒரு கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தானாம்.