ஒரு தூணை எடுத்துவிட்டால் சுமை எங்கே போகும்? தொடர் சரிவுச் சோதனை, படிப்படியாக

1968-ல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-வது மாடியில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. ஓரிடத்தில் ஏற்பட்ட சேதம் ஏன் அந்த இடத்தோடு நிற்கவில்லை என்ற கேள்வி அதன் பிறகுதான் விதிநூல்களுக்குள் வந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகளில் ஒன்று மாற்றுச் சுமைப்பாதைச் சோதனை. மாடலில் ஒரு தூணை நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் சட்டகம் தாங்குகிறதா என்று பார்ப்போம்.

நான் முதலில் செய்தபோது இரண்டு நாள் தவறான எண்களோடு போராடினேன். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன். சட்டகத்தை மாடல் செய்யவும் சுமை கொடுக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுச் சட்டகம்

நான்கு மாடி, கான்கிரீட், வெளிவரிசைச் சட்டகம். தூண்களுக்கு இடையே 5 மீட்டர். பீம் 300 × 500 மி.மீ., கான்கிரீட்டின் உருளை வலிமை 25, கம்பி 500 மெகாபாஸ்கல். பீமில் நிலைச்சுமை மீட்டருக்கு 20, பயன்பாட்டுச் சுமை 8 கிலோநியூட்டன். எளிமைக்காக எல்லாத் தளத்திலும் இதே பீம், இதே சுமை. தரைத்தளத்தில் நடுவில் உள்ள ஒரு தூணை எடுக்கிறோம்.

படி 1: சுமை

```
w = 2 × (D + 0.25 L)
  = 2 × (20 + 0.25 × 8) = 44 kN/m
```

இது அமெரிக்காவின் ஜிஎஸ்ஏ 2003 வழிகாட்டியில் உள்ள நேரியல் நிலைச் சோதனைச் சேர்க்கை. அந்த 2 எதற்கு? ஒரு ஸ்பிரிங்கில் எடையை மெல்ல இறக்கினால் ஒரு அளவு நீளும். பிடித்திருந்த எடையைச் சட்டென்று விட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளும். தூண் போவதும் திடீரென்றுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் யுஎஃப்சி 4-023-03 நூலைப் பின்பற்றுகிறவர்களுக்குச் சேர்க்கை 1.2D + 0.5L, பெருக்கும் காரணியும் தூண் போன இடத்தை ஒட்டிய பகுதிகளுக்கு மட்டும்தான். இரண்டு நூல்களையும் பாதிப்பாதி கலந்துவிடாதீர்கள்.

படி 2: தூணை நீக்குவது (நான் தடுக்கி விழுந்த இடம்)

தூணை மட்டும் நீக்க வேண்டும். அதன் தலையில் உள்ள இணைப்புப் புள்ளி அப்படியே இருக்க வேண்டும். இடப்பக்க பீம், வலப்பக்க பீம், மேல்மாடித் தூண் மூன்றும் அந்தப் புள்ளியில் இறுக்கமாகப் பிணைந்தே இருக்கும். நான் தூணோடு புள்ளியையும் அழித்துவிட்டு பீம்களைத் திரும்ப வரைந்தேன். பார்வைக்கு ஒட்டியிருந்தன, மாடலில் ஒட்டவில்லை. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. இரண்டு பீம்களும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்ததால் பக்கத்துத் தூண் முகத்தில் 550 மொமென்ட் வந்தது. பீம் போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போனேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கைக்கணக்கு போதும். தூண் போனதும் இரண்டு 5 மீட்டர் பீம்கள் ஒரே 10 மீட்டர் பீமாக மாறுகின்றன. பக்கத்துத் தூண் முகத்தில் மேல்பக்கம் இழுபடும் மொமென்ட்டையும், தூண் போன இடத்தில் அடிப்பக்கம் இழுபடும் மொமென்ட்டையும் கூட்டினால்:

```
M1 + M2 = w × 10² / 8 = 550 kN·m
```

சரியான மாடலில் எனக்கு M1 = 340, M2 = 210 வந்தது. தவறான மாடலில் M1 = 550, M2 = 0. கூட்டல் இரண்டிலும் சரி. ஆனால் M2 பூஜ்யம் என்றால் இணைப்பு அறுந்திருக்கிறது. கூட்டலே 550 வராவிட்டால், மேல்தூணின் அச்சு விசையைப் பாருங்கள். எல்லாத் தளமும் ஒரேமாதிரி இருந்தால் ஒவ்வொரு தளமும் தன் சுமையைத் தானே தாங்கும். மேல்தூணில் அச்சு விசை கிட்டத்தட்ட இருக்காது. கூரைச் சுமை குறைவாக இருந்தால் கூரை பீம் கீழ்த்தளங்களைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், அப்போது கூட்டல் தளத்துக்குத் தளம் மாறும்.

முழுக் கட்டடத்தை முப்பரிமாணத்தில் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு சட்டகத்தை இருபரிமாணத்தில் செய்து பாருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். முப்பரிமாணத்தில் இப்படிக் கையால் சரிபார்க்க முடியாது.

படி 3: இருக்கும் கம்பியோடு ஒப்பிடுவது

இங்கே மென்பொருளின் டிசைன் பொத்தானை அழுத்தாதீர்கள். அது தேவைப்படும் கம்பியைக் கணக்கிட்டுப் பச்சை நிறம் காட்டும். நமக்கு வேண்டியது வரைபடத்தில் இருக்கும் கம்பி போதுமா என்பது. நான் இதற்கு விரிதாள்தான் பயன்படுத்துகிறேன். குறைப்புக் காரணி இல்லாமல் பீமின் தாங்குதிறனைக் கணக்கிட்டு, வந்த மொமென்ட்டை அதால் வகுக்கிறேன். வழக்கமான அமைப்புள்ள சட்டகத்துக்கு இந்த விகிதம் 2-ஐத் தாண்டக் கூடாது.

தூண் முகத்தில் மேல்கம்பி 20 மி.மீ. மூன்று; தாங்குதிறன் 195. விகிதம் 340 / 195 = 1.74. தேறிவிட்டது.

இப்போது தூண் போன இடம். நேற்றுவரை அங்கே மேல்பக்கம்தான் இழுபட்டது. அடிக்கம்பிக்கு வேலையே இல்லை. அதனால் பல வரைபடங்களில் நடுவில் உள்ள மூன்று 16 மி.மீ. கம்பிகளில் இரண்டு மட்டும் தூணுக்குள் 150 மி.மீ. போய் நின்றுவிடும். அந்தக் கம்பி முழு வலிமை காட்டச் சுமார் 750 மி.மீ. பிடிமானம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. தோராயமாகத் தாங்குதிறன் 17. விகிதம் 12-க்கும் மேல்! அந்த இரண்டு கம்பிகளும் இடைவிடாமல் ஓடினால் 87, விகிதம் 2.4, இன்னும் தேறவில்லை. மூன்றும் ஓடினால் 129, விகிதம் 1.6. பீமின் அளவு மாறவில்லை, சில மீட்டர் கம்பிதான் கூடியது. ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்க்கும் இடம் மட்டும் தூணுக்குள்ளோ அதன் முகத்திலோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவிசை தூண் முகத்தில் 220 கிலோநியூட்டன், வழக்கமான வடிவமைப்பில் இருந்த 105-ஐப் போல் இரண்டு மடங்கு. வெட்டு முறிவு முன்னறிவிப்பின்றி வரும் என்பதால் அதற்கு 2 வரை விடாமல் 1-க்குள் வைக்கிறேன். 150 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. ஸ்டிரப் இருந்ததால் இங்கே தப்பித்தது. பழைய நடுப்பகுதியில் முன்பு பூஜ்யமாக இருந்த இடத்தில் இப்போது 110 வருகிறது, அதையும் ஒருமுறை பாருங்கள். பக்கத்துத் தூண்களின் கூடுதல் அச்சுச் சுமையையும் மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை

மூலைத்தூணை எடுத்தால் 550 வரவில்லையே என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். வராது. அங்கே மறுபக்கம் பீம் இல்லை. மேல்தளங்களோடு சேர்ந்து நீட்டிய பீமாகத்தான் வேலை செய்யும். மேலே உள்ள கூட்டல் அதற்குப் பொருந்தாது.

இன்னொருவர் சுட்டிக்காட்டியது நான் கவனிக்காமல் விட்டது, அவருக்கு நன்றி. தூண் முகத்தில் தேறிய மேல்கம்பி 1.25 மீட்டரில் வெட்டப்பட்டால் அந்த வெட்டுப் புள்ளியில் என்ன ஆகும்? கணக்கிட்டேன்: 340 − 220 × 1.25 + 44 × 1.25² / 2 = 99. மேல்பக்கம் இன்னும் இழுபடுகிறது. அங்கே மிச்சம் இருப்பவை ஸ்டிரப் கட்ட வைத்த இரண்டு 10 மி.மீ. கம்பிகள், தாங்குதிறன் 35, விகிதம் 2.8. தூண் முகத்தை மட்டும் பார்த்து நான் தேறியது என்று எழுதியது தவறு. மூன்றில் இரண்டு 20 மி.மீ. கம்பிகளைப் பீம் முழுக்க ஓடவிட்டால் அந்த இடத்தில் தாங்குதிறன் 133 ஆகிறது, விகிதம் 0.75. விரிதாளில் வெட்டுப் புள்ளிக்கு என்று தனி வரிசை இப்போது சேர்த்துவிட்டேன்.