அப்பாவின் மாத்திரைகளைப் புது டாக்டருக்கு எழுதித் தரும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஊரில் இருந்த அப்பாவை மகள் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறார். பழைய கிளினிக்கின் சீட்டு எதுவும் கையில் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு பையில் திணித்த மாத்திரைக் கவர்கள்தான். அவற்றைப் போனில் படம் எடுத்து, பார்த்துப் பார்த்து ஒரு தாளில் எழுதிப் புது டாக்டரிடம் நீட்டுகிறார். நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தாளை நம்பித்தான் டாக்டர் அடுத்த மருந்தை எழுதப் போகிறார் என்பதால், அதில் வரும் பிழை நேராக அப்பாவின் வயிற்றுக்குள் போகும்.

முதல் தவறு படம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. அட்டைகளைக் கவரிலிருந்து கொட்டி, வரிசையாக அடுக்கி, ஒரே படமாக எடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எந்த அட்டை எந்தக் கவரிலிருந்து வந்தது என்பது அதோடு போயிற்று. கவரில்தான் 1-0-1 என்று வேளை எழுதியிருக்கும், சில சமயம் தேதியும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு அட்டையையும் அதன் கவரோடு சேர்த்து வைத்துத் தனித்தனியாக எடுங்கள். அட்டையின் பின்பக்கம்தான் முக்கியம். மருந்தின் பெயரும் அளவும் பொடி எழுத்தில் இருப்பது அங்கேதான். வெள்ளித் தாள் பளபளத்தால் ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். ஊரிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமானால், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பொடி எழுத்துதான் முதலில் கலங்கும்.

அடுத்தது, பிராண்ட் பெயரை மட்டும் எழுதுவது. அதையும் பாதியாக எழுதுவது. கிளைக்கோமெட் ஜிபி 1 என்ற சுகர் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இதில் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் கிளிமெபிரைடு 1 மில்லிகிராமும் இருக்கின்றன. பெயரில் உள்ள 1 கிளிமெபிரைடின் அளவு. அவசரத்தில் ‘கிளைக்கோமெட் 1’ என்று எழுதினால், படிப்பவர் அதை ஒரு கிராம் மெட்ஃபார்மின் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. மெட்ஃபார்மின் இரண்டு மடங்காகத் தெரியும், கிளிமெபிரைடு காணாமலே போய்விடும். சுகரைத் திடீரென்று இறக்கிவிடக்கூடியது அந்தக் கிளிமெபிரைடுதான். ஜிபி, ஏஎம், ஏவி, எச், எஸ்ஆர் என்று வாலில் ஒட்டியிருக்கும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்கி, பக்கத்தில் உள்ளே இருக்கும் மருந்தையும் அளவையும் எழுதுங்கள்.

அப்படி எழுதும்போதுதான் இரட்டிப்பு கண்ணில் படும். ஒரு பையில் இரண்டு பிரஷர் மாத்திரைகள் இருக்கின்றன என்று வையுங்கள். காலையில் டெல்மா ஏஎம், இரவில் ஆம்லாங் 5. பெயரில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பின்பக்கத்தைப் பார்த்தால் முதலாவதில் டெல்மிசார்ட்டான் 40, ஆம்லோடிபின் 5. இரண்டாவதில் ஆம்லோடிபின் 5. ஆக நாளுக்கு ஆம்லோடிபின் 10 மில்லிகிராம் உள்ளே போகிறது. முன்பு தனித்தனியாகக் கொடுத்ததைப் பழைய டாக்டர் ஒரே மாத்திரையாக மாற்றியிருக்கலாம், மீந்துபோன பழைய அட்டையை வீணாக்க மனமில்லாமல் அப்பா இன்னும் போட்டுக்கொண்டிருக்கலாம். (மாத்திரையைத் தூக்கிப் போடும் அப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை.) கவரில் தேதி இருந்தால் எது முந்தியது என்று தெரியும். சாயங்காலத்தில் அப்பாவின் கணுக்கால் வீங்குகிறதா என்றும் பாருங்கள், ஆம்லோடிபின் கூடினால் அது வரக்கூடும்.

ஆனால் ‘தவறுதலாக இரண்டு தடவை போடுகிறார்’ என்று தாளில் எழுதாதீர்கள், ஒன்றை நீங்களாக நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். 10 மில்லிகிராம் என்பது டாக்டர்கள் தெரிந்தே கொடுக்கும் அளவுதான், பழைய டாக்டரும் அப்படியே நினைத்திருக்கலாம். ‘ஆம்லோடிபின் இரண்டு மாத்திரையிலும் இருக்கிறது, மொத்தம் 10 மி.கி., கணுக்கால் வீக்கம் உண்டு, இரண்டும் வேண்டுமா?’ என்று கேட்டால் போதும்.

கவரில் எழுதியிருப்பதும் அப்பா விழுங்குவதும் ஒன்று என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. சுகர் மாத்திரையின் கவரில் 1-0-1 என்று இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், ‘ராத்திரி போட்டா விடியக்காலைல வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, அதான் பாதி நாள் போடறதில்லை’ என்பார். சுகர் இறங்கிப்போவதன் அறிகுறிகள் அவை. தாளில் 1-0-1 மட்டும் இருந்தால், ரத்தப் பரிசோதனையில் சுகர் ஏறியிருப்பதைப் பார்த்த டாக்டர், மாத்திரை போதவில்லை என்று முடிவுசெய்து அளவைக் கூட்டுவார். கேட்கிற விதமும் இருக்கிறது. ‘ஒழுங்கா போடறீங்களா?’ என்றால் எந்த அப்பாவும் ‘ம், போடறேன்’ என்றுதான் சொல்வார். ‘நேத்து ராத்திரி எதெது போட்டீங்கப்பா?’ என்று கேளுங்கள்.

எனவே தாளில் ஒரு மாத்திரைக்கு இப்படி வரட்டும்:

கிளைக்கோமெட் ஜிபி 1 (மெட்ஃபார்மின் 500 மி.கி. + கிளிமெபிரைடு 1 மி.கி.). கவரில்: காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்கு முன். அப்பா போடுவது: காலை தினமும், இரவு பாதி நாள்தான். போட்ட இரவுகளில் விடியற்காலை வியர்வை, நடுக்கம்.

‘எதற்காக’ என்ற இடத்தில் கூகுளில் பார்த்ததை நிரப்ப வேண்டாம். அமிட்ரிப்டிலின் என்று தேடினால் மனச்சோர்வுக்கு என்று வரும். அப்பாவுக்கு அது சுகரால் வரும் கால் எரிச்சலுக்குக் கொடுத்ததாக இருக்கலாம். மகள் எழுதிய ‘மனச்சோர்வு’ புது ஃபைலில் ஏறிவிட்டால் இறங்குவது கஷ்டம். அப்பா சொன்னதை ‘அப்பா சொல்வது’ என்று போடுங்கள், தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று விடுங்கள்.

அளவு எழுதும்போது ஒரு சின்ன விஷயம். தைராய்டு மாத்திரையின் அளவு மைக்ரோகிராம். 50 மைக்ரோகிராமை 50 மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு. அரை மில்லிகிராமுக்கு .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள், புள்ளி தெரியாமல் போனால் அது 5 ஆகிவிடும்.

கடைசியில் மிஞ்சுவது அட்டையில்லாத உதிரி மாத்திரை. வெள்ளைக் கவரில் வெள்ளை மாத்திரை, மேலே ‘வலிக்கு’ என்று மட்டும். இதை நிறைய பேர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மூட்டு வலிக்குத்தானே என்று விட்டுவிடுவார்கள். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து இதுதான் என்று ஊகிக்கவும் கூடாது, ஒரே மாதிரி வெள்ளை மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. அது டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையாக இருந்தால், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஸ்டீராய்டாக இருந்தால் சுகர் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதனால் ‘பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை, வலிக்கு, எத்தனை மாதமாக, நாளுக்கு எத்தனை’ என்று தாளின் மேலேயே எழுதி, மாத்திரையைக் கவரோடு எடுத்துக்கொண்டு போங்கள். கவரில் பழைய கிளினிக்கின் போன் நம்பர் இருந்தால் போவதற்கு முன்பே கூப்பிட்டு, அது என்ன மாத்திரை என்று கேட்டுவிடுங்கள்.