மூன்று தாளும் பொருந்தின, நான்கு மூட்டை மட்டும் வரவில்லை

டர்பனில் தைப்பூசக் காவடிக்கு முன்னால் மஞ்சளுக்குத் தேவை ஏறும். மசாலா மொத்த வியாபாரத்தில் கணக்கு பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். அப்படி ஒரு ஜனவரியில் எங்களிடம் நடந்த ஒரு தவறைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரிய தொகை இல்லை, 7,130 ராண்ட். ஆனால் எங்கள் பேப்பர்கள் எல்லாம் சரியாக இருந்தபோதே அது நடந்தது.

முதலில் நடைமுறை. பொருள் வாங்க நாம் கொடுப்பது பர்ச்சேஸ் ஆர்டர். சரக்கு கோடவுனுக்கு வந்ததும் ஸ்டோர்காரர் போடுவது சரக்கு வரவுச் சீட்டு, பேச்சில் ஜி.ஆர்.என். சப்ளையர் அனுப்புவது இன்வாய்ஸ். என்ன கேட்டோம், என்ன வந்தது, எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் வரி வரியாக ஒப்பிட்டு, பொருந்தினால்தான் பணம் போகும். விலையை ஆர்டரோடும் அளவை ஜி.ஆர்.என்னோடும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆர்டர் மஞ்சள் தூள் 2,000 கிலோ, கிலோ 62 ராண்ட், வாட் தனி. 25 கிலோ மூட்டைகள், இரண்டு லோடாக வரும். முதல் லோடில் 48 மூட்டை, அதாவது 1,200 கிலோ. அதற்கு இன்வாய்ஸ் வந்தது, பணமும் போனது. இரண்டாவது லோடு ஜோகன்னஸ்பர்கிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை மாலை நாலரை. டிரைவருக்கு அடுத்து பைன்டவுன் போக வேண்டும். லாரியோடு சப்ளையர் கொடுத்தனுப்பும் டெலிவரி நோட்டில் 32 மூட்டை. ஸ்டோரில் இருக்கும் அண்ணன் அதைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், திங்கட்கிழமை அதே தாளைப் பார்த்து ஜி.ஆர்.என்னில் 32 என்று ஏற்றினார். மூட்டைகளை யாரும் எண்ணவில்லை. இன்வாய்ஸ் 800 கிலோவுக்கு வந்தது. ஆர்டர் 2,000, வரவு 1,200 கூட்டல் 800, பில் 1,200 கூட்டல் 800. ஒரு கிலோ பிசகவில்லை. பணம் போனது.

மூன்று வாரம் கழித்து ஸ்டாக் எண்ணியபோது நான்கு மூட்டை குறைந்தது. 100 கிலோ, 6,200 ராண்ட், 15 சதவீத வாட் 930 சேர்த்து 7,130. சப்ளையரைக் கூப்பிட்டால், “உங்க ஆள் 32-ன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே” என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை. மூட்டை லாரியில் ஏறவே இல்லையா, எங்கள் கோடவுனில் தொலைந்ததா என்பதையும் இனிச் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த தவறுகளில் இதுதான் தலையாயது. ஜி.ஆர்.என் என்பது எண்ணிப் பார்த்ததன் பதிவு. அதை டெலிவரி நோட்டிலிருந்தோ, அதைவிட மோசமாக இன்வாய்ஸிலிருந்தோ காப்பி அடித்தால், மூன்று தாள் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் இருப்பது இரண்டுதான். சப்ளையர் சொன்னதைச் சப்ளையர் சொன்னதோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆறு மாத ஜி.ஆர்.என்களை எடுத்து, டெலிவரி நோட்டிலிருந்து வேறுபட்டவை எத்தனை என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் சப்ளையர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். கோடவுனில் யாரும் எண்ணுவதில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

நாங்கள் செய்த மாற்றம் எளிது. ஸ்டோருக்குப் போகும் வரவுத் தாளில் பொருளின் பெயரும் ஆர்டர் நம்பரும் மட்டும் இருக்கும், அளவுக் கட்டம் காலியாக இருக்கும். எண்ணினால்தான் நிரப்ப முடியும். எண்ணிய பிறகுதான் டெலிவரி நோட்டைப் பார்த்து, குறைவிருந்தால் டிரைவர் நிற்கும்போதே அதிலேயே எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். டிரைவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது பழகிவிட்டது.

எண்ணும்போதும் ஒரு பொறி இருக்கிறது. ஆர்டர் கிலோவில், இன்வாய்ஸ் கிலோவில், ஸ்டோர் எண்ணுவது மூட்டையில். 25 கிலோ மூட்டை என்று மனதில் பெருக்கிக்கொண்டே இருப்போம். ஒருநாள் சப்ளையர் 20 கிலோ மூட்டைக்கு மாறிவிடுவார். 32 மூட்டை சரியாக வந்திருக்கும், சரக்கு 640 கிலோதான். அதனால் வரவுத் தாளில் மூட்டை எண்ணிக்கையோடு, மூட்டையில் அச்சிட்ட நிகர எடையையும் எழுதச் சொல்லியிருக்கிறோம். லோடுக்கு இரண்டு மூட்டையைத் தராசில் வைத்தும் பார்க்கிறோம். கணினியில் ஏறுவது எப்போதும் கிலோதான்.

அடுத்த தவறு அலுவலகத்தில் நடப்பது. அந்த அண்ணன் அன்று ஒழுங்காக எண்ணி 28 மூட்டை, 700 கிலோ என்று போட்டிருந்தால் தப்பித்திருப்போமா? நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். நிறைய இடங்களில் இன்வாய்ஸை ஆர்டரின் மொத்தத்தோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். 2,000 கிலோ ஆர்டர், இதுவரை பில் 1,200, இப்போது 800, ஆக இடம் இருக்கிறது என்று பாஸ் ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஆர்டருக்கு இதுவரை வந்த பில் மொத்தம் எவ்வளவு, இதுவரை வந்த சரக்கு மொத்தம் எவ்வளவு? பில் 2,000, சரக்கு 1,900. 100 கிலோ துருத்திக்கொண்டு நிற்கும். அதே இன்வாய்ஸ் வேறு நம்பரில் இரண்டாம் முறை வந்தாலும் இந்தக் கணக்கு பிடித்துவிடும். SAP மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஆர்டர் வரியில் GR-Based IV டிக் செய்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போது இன்வாய்ஸ் அந்தந்தச் சரக்கு வரவோடு கட்டப்படும். எக்செலில் வேலை செய்கிறவர்களுக்கு, GRN, INV என்று இரண்டு ஷீட், இரண்டிலும் A ஆர்டர் நம்பர், B பொருள் குறியீடு, D அளவு என்று வைத்துக்கொண்டு, மூன்றாவது ஷீட்டில் A2-வில் ஆர்டர் நம்பரும் B2-வில் பொருள் குறியீடும் போட்டால் இது போதும்:

```
=SUMIFS(INV!D:D,INV!A:A,A2,INV!B:B,B2)
 -SUMIFS(GRN!D:D,GRN!A:A,A2,GRN!B:B,B2)
```

விடை பூஜ்யத்துக்கு மேலே வந்தால், வராத சரக்குக்குப் பணம் கேட்கிறார்கள். கீழே வந்தால் சரக்கு வந்துவிட்டது, பில் இன்னும் வரவில்லை. திருப்பி அனுப்பிய சரக்கை GRN ஷீட்டிலும், சப்ளையர் பில்லைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட்டை INV ஷீட்டிலும் கழித்தல் குறியோடு ஏற்ற மறக்கக்கூடாது.

விலை வித்தியாசங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அடிக்கடி வருவது அது. ஆர்டரில் 62, இன்வாய்ஸில் 71.30. திடுக்கிடும், விலை ஏற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகத் தோன்றும். முதலில் 1.15-ஆல் வகுத்துப் பாருங்கள். 62 வந்தால் அவர்கள் வாட் சேர்த்த விலையைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பருப்பிலும் அரிசியிலும் இதே 15 சதவீதம் தெரிந்தால் கதை வேறு. தென்னாப்பிரிக்காவில் அவற்றுக்கு வாட் பூஜ்ய விகிதம், மஞ்சள் தூளுக்கு 15. ஒரே இன்வாய்ஸில் இரண்டும் இருக்கும்போது சப்ளையரின் சிஸ்டம் மொத்தத்துக்கும் 15 போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே கட்டிவிட்டு வாட் ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், போடக்கூடாத வரிக்குக் கழிவு கேட்டால் சிக்கல் நமக்குத்தான். திருத்தி வாங்குங்கள். திருத்தி வரும்போது, தொகை 5,000 ராண்டுக்கு மேல் என்றால் அதில் நம் வாட் நம்பரும் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

சின்ன வித்தியாசங்களுக்கெல்லாம் பில்லை நிறுத்தினால் வேலை நடக்காது, அதனால் ஒரு வரம்பு வைப்பார்கள். 2 சதவீதம் என்பார்கள். 1,24,000 ராண்ட் ஆர்டரில் 2 சதவீதம் என்றால் 2,480. அது சின்னத் தொகையா? சதவீதத்தோடு ராண்டிலும் ஓர் உச்சம் வைத்து, எது குறைவோ அதை எடுக்க வேண்டும். எங்களிடம் அது 200 ராண்ட். ஒரே சப்ளையரின் விலை மாதாமாதம் வரம்புக்குள்ளேயே, எப்போதும் மேல்பக்கமாகவே இருந்தால், வரம்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இனி, வித்தியாசத்தைப் பிடித்த பிறகு செய்யும் தவறு. பொருந்தவில்லை என்று சிவப்புக் கோடு வந்ததும், பையன் ஒருவன் ஆர்டரைத் திறந்து விலையை இன்வாய்ஸுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவான். அல்லது ஜி.ஆர்.என்னில் 700-ஐ 800 ஆக்குவான். சிவப்பு போய்விடும். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, மாதக் கடைசி, சப்ளையர் போனில் கத்துகிறார், அவ்வளவுதான். இன்வாய்ஸ் பதிகிற கை ஆர்டரையோ வரவையோ தொட முடியாதபடி அனுமதியைப் பிரித்து வைப்பதுதான் இதற்கு வழி. மூன்று பேர் இல்லாத சின்னக் கடையில், இன்வாய்ஸ் தேதிக்குப் பிறகு மாற்றப்பட்ட ஆர்டர்களை முதலாளி வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். இன்வாய்ஸ் வந்த பிறகு புதிதாகப் போட்ட ஆர்டர்களும் அதே பட்டியலில் வரும். அவற்றை எதனோடு ஒப்பிட்டாலும் பொருந்தத்தான் செய்யும், இன்வாய்ஸைப் பார்த்து எழுதியவைதானே.

700 கிலோவுக்கு மட்டும் நாமே குறைத்துக் கட்டிவிடுவதும் பாதி வேலைதான். நம் லெட்ஜரில் முடிந்த கணக்கு அவர்கள் புத்தகத்தில் பாக்கியாகவே நிற்கும், மாத ஸ்டேட்மென்ட்டில் திரும்பத் திரும்ப வரும். இங்கே பல கடைகளில் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத்தான் பணம் அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூன்று தாளையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்த 100 கிலோவை, நாலு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட்டில் ‘பழைய பாக்கி’ என்று பார்த்து வேறொருவர் கட்டிவிடுவார். சப்ளையரிடமிருந்து கிரெடிட் நோட் வந்தால்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து முடியும், வாட்டும் சரியாகும். அதுவரை அந்த இன்வாய்ஸ் ‘நிறுத்தி வைத்தது’ பட்டியலில், காரணத்தோடும் தேதியோடும் இருக்கட்டும்.

ஒரு விஷயம் இந்த முறைக்குள் அடங்காது. மூன்று தாளிலும் அளவும் விலையும் ஒப்பிடுகிறோம், பேங்க் கணக்கு நம்பரை எதனோடும் ஒப்பிடுவதில்லை. இன்வாய்ஸின் அடியில் புதிய கணக்கு நம்பர் அச்சாகி வந்தால், எல்லாம் பொருந்தியிருந்தாலும், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் மாற்றக்கூடாது.

காலிக் கட்டத் தாள் வந்த இரண்டாவது மாதம், அதே சப்ளையரின் லாரி, அதே வெள்ளிக்கிழமை மாலை. அண்ணன் எண்ணினார், 31. டிரைவர் 32 என்றார். “இறக்கி அடுக்கியிருக்கேன், நீயே எண்ணு தம்பி” என்றார் அண்ணன். டெலிவரி நோட்டில் ‘31 மட்டும்’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்வாய்ஸ் வழக்கம்போல 800 கிலோவுக்கே வந்தது. நிறுத்தி வைத்து, கையெழுத்திட்ட நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் 1,782.50 ராண்டுக்குக் கிரெடிட் நோட் வந்தது. ஒரு மூட்டை, 25 கிலோ, வாட்டோடு.