கோட்டை முடிவாட்டத்தில் ராஜாவை இரண்டு நிரல் தள்ளி மறிப்பது

கிளிநொச்சி வாசிகசாலையில் தம்பி ஒருவனோடு சதுரங்கம் ஆடும்போது, கோட்டையும் ஒரு சிப்பாயும் மிஞ்சிய ஆட்டங்கள் சமநிலையிலேயே முடிந்தன. எதிர் ராஜாவை மறித்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் ஒரு நிரல் தள்ளி மட்டும்.

வெள்ளைச் சிப்பாய் d4, ராஜா c3, கோட்டை e1. கறுப்பின் கோட்டை d8, ராஜா f6. என் ராஜா முன்னேறினால் அவன் c8-இல் செக் வைத்துவிட்டு மறுபடி d8-க்கு வந்து சிப்பாயைத் தாக்குவான். b6 வரை ஏறியபின் சிப்பாயைக் காக்க என் கோட்டை d1-க்குப் போகவேண்டும். உடனே கறுப்பு ராஜா e6-க்கு வந்துவிடும். நான் c7-க்குப் போய் கோட்டையைத் தாக்கினாலும் அது d5-இல் குந்தும், ராஜா அதைக் காக்கும். சிப்பாய் அசையாது.

அப்புறம் கறுப்பு ராஜா g6-இல் நிற்கும்போதே கோட்டையை f1-இல் வைத்து மறித்தேன். அதே நகர்வுகள்தான்: ராஜா c4, b5, c5, b6, பிறகு கோட்டை d1. இப்போது கறுப்பு ராஜா f7-க்குத்தான் வரமுடியும், e6 இன்னும் ஒரு எட்டு தூரம். நான் c7, அவன் கோட்டை d5, நான் c6. காக்க ஆளில்லாத கோட்டை d8-க்குத் திரும்பும், சிப்பாய் d5-க்கு ஏறும். அவன் ராஜா e7-க்கு வந்தால் e1-இல் செக் வைத்து மறுபடி f நிரலுக்குத் துரத்தலாம். சிப்பாய் ஐந்தாம் வரிசைக்கு வந்துவிட்டதால் இனி ஒரு நிரல் மறிப்பே போதும்.