வாந்தி நின்றதும் பழைய வேகத்துக்குத் திரும்பாதீர்கள்: கர்ப்பத்தில் ஓட்டம், சைக்கிள், எடைப் பயிற்சி

எங்கள் ஓட்டக் குழுவில் இந்த வருடம் மூன்று பேர் கர்ப்பம். மூவருமே வருடக்கணக்காக ஓடுகிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள். மூவரும் பதினாலாவது, பதினைந்தாவது வாரத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, இப்போ நல்லா இருக்கு. பழைய பிளானுக்குப் போகலாமா?" என் முதல் கர்ப்பத்தில் நான் யாரையும் கேட்காமலே போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் குடியுங்கள், வெயிலில் ஓடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விட்டதைப் பிடிக்கப் பார்ப்பது

முதல் மூன்று மாதத்தில் பயிற்சி தானாகவே குறைந்துவிடும். குமட்டலும் தூக்கமும் விடாது. வாரம் 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த நான் 12-க்கு வந்துவிட்டேன். ஸ்குவாட்டில் 60 கிலோ தூக்கியவள் வெறும் கம்பியோடு நின்றேன். அப்புறம் பதினைந்தாவது வாரம் ஒரு காலையில் எழுந்தபோது குமட்டல் இல்லை. பசித்தது, கால் துறுதுறுத்தது. வயிறும் இன்னும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாரமே 25 கிலோமீட்டர், அடுத்த வாரம் 35. ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் 40 கிலோமீட்டர் சைக்கிள். ஜிம்மில் ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்கும் லஞ்ச், ஸ்டெப் அப் எல்லாம் பழைய எடையில். மூச்சு வாங்கவில்லை, களைப்பும் இல்லை. சரியாகத்தான் செய்கிறேன் என்று நம்பினேன்.

இருபதாவது வாரம் சல்வாரை மாட்ட ஒரு காலைத் தூக்கினேன். அடிவயிற்றுக்குக் கீழே, நடுவில் எலும்பு இணையும் இடத்தில் சுருக்கென்றது. தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடினேன். இன்னும் பத்து நாளில் படுக்கையில் புரள முடியவில்லை. மாடிப்படியைப் பக்கவாட்டாக ஏறினேன். இருபத்திரண்டாவது வாரத்திலிருந்து பிரசவம் வரை ஓட்டம் இல்லை, சைக்கிள் இல்லை, பாதி நாள் நடைகூட இல்லை. அவசரப்பட்ட ஐந்து வாரத்துக்கு நான் கொடுத்த விலை நான்கு மாதம். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நடந்தது இதுதான். இடுப்பெலும்பின் இரண்டு பாதிகளும் முன்னால் ஒரு மூட்டில் சேர்கின்றன. கர்ப்பத்தில் அந்த மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றின் எடையும் முன்னால் நகர்கிறது. ஓட்டம் என்பது ஒற்றைக்காலில் மாறி மாறி இறங்குவது. லஞ்சும் ஸ்டெப் அப்பும் அதே வகை. குமட்டல் நின்றதும் உற்சாகம் ஒரே நாளில் திரும்பிவிடும். ஆனால் மூன்று மாதம் குறைந்த சுமையில் இருந்த மூட்டும் தசையும் ஒரே நாளில் திரும்பாது. நம்மை நிறுத்திவைத்திருந்தது குமட்டல்தான். அது போனதும் நிறுத்த ஆள் இல்லை.

இந்த வலி கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. ஓடாதவர்களுக்கும் வரும். அதனால் ஓட்டமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்ப அறிகுறி வந்த பிறகும் சுமையை ஏற்றியது என் தவறு. ஒற்றைக்காலில் நிற்கும்போது, படுக்கையில் திரும்பும்போது, ஸ்கூட்டரிலிருந்து காலை வீசி இறங்கும்போது முன்னாலோ, பின்னால் இடுப்புக்குக் கீழேயோ குத்தினால் அன்றே ஒற்றைக்கால் பயிற்சிகளை நிறுத்துங்கள். இரண்டு கால்களும் தரையில் இருக்கும் ஸ்குவாட், டெட்லிஃப்ட் வலிக்கவில்லை என்றால் குறைந்த எடையில் தொடரலாம். கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டிடம் சீக்கிரம் போனால் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம்.

அந்த மூவரில் ஒருவருக்கு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். கர்ப்பத்துக்கு முன் அவர் வாரம் 35 கிலோமீட்டர் ஓடினார், ஸ்குவாட் 60 கிலோ. பதினாலாவது வாரத்தில் 12 கிலோமீட்டர், 30 கிலோ. தொடங்கும் இடம் 35 அல்ல, 12. இரண்டு வாரம் அதிலேயே நிறுத்தினேன். அப்புறம் வாரம் இரண்டு கிலோமீட்டர் வீதம் ஏற்றி, 18-இல் நிறுத்திவிட்டோம். ஓடியது நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று. ஸ்குவாட் 40 கிலோ வரை போனது. ஒவ்வொரு செட்டும் எட்டு முறை, முடிக்கும்போது இன்னும் மூன்று முறை செய்யலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இருபத்துநான்காவது வாரம் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது லேசாக இழுக்கிறது என்றார். அன்றே ஸ்டெப் அப்பை எடுத்துவிட்டேன். ஓட்டம் இரண்டு நிமிடம், நடை இரண்டு நிமிடம் என்று ஆனது. வலி போய்விட்டது. கடைசி மூன்று மாதத்தில் ஓட்டத்தை நடையாகவும் ஜிம் சைக்கிளாகவும் மாற்றினோம். பிரசவத்துக்கு முந்தைய வாரம்வரை கையில் டம்பெல்லோடு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தார்.

இந்த எண்கள் அவருக்கானவை. எல்லோருக்கும் பொருந்துவது ஒன்றுதான்: இப்போது செய்வதிலிருந்து தொடங்குங்கள், முன்பு செய்ததிலிருந்து அல்ல.

வாட்சைப் பார்த்து வேகம் வைப்பது

கர்ப்பத்தில் ஓய்வில் இருக்கும்போதே இதயத்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, இருபது கூடிவிடுகிறது. அதுவும் வயிறு தெரிவதற்கு முன்பே. பழைய துடிப்புக் கணக்கு இப்போது உதவாது. "140-ஐத் தாண்டாதே" என்ற விதி 1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் சொன்னது. 1994-இல் அவர்களே கைவிட்டார்கள். இன்னும் சில ஜிம்களில் அது உலவுகிறது.

அதற்குப் பதில் பேசிப் பாருங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். கணக்காக வேண்டும் என்றால் 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோலில் 13, 14, அதாவது 'கொஞ்சம் கஷ்டம்'. உச்ச வேக இன்டர்வல் வேண்டாம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒலிம்பிக் தர வீராங்கனைகள் ஆறு பேரைப் பரிசோதித்தார்கள். தங்கள் உச்சத் துடிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டியபோது சிலருக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது. நிறுத்தியதும் சீரானது. ஆறே பேர்தான், ஆனாலும் என் பயிற்சியில் அந்த எல்லைக்கு யாரையும் விடுவதில்லை.

மூச்சை அடக்கித் தூக்குவது

எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால்தான் தூக்க முடிகிறது என்றால் எடை அதிகம்.

நடுமாதங்களிலும் மல்லாந்து பெஞ்ச் பிரஸ்

இருபதாவது வாரத்துக்குப் பிறகு பெஞ்சைச் சாய்வாக உயர்த்துங்கள். மல்லாந்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றலாம்.

ரோட்டில் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொள்வது

ஓட்டுவதில் பிரச்சினை இல்லை, விழுவதில்தான். நாய் குறுக்கே வந்து பிரேக் போடும்போது பழைய சமநிலை இருக்காது. வயிறு முன்னால் வரத் தொடங்கியதும் ஜிம் சைக்கிளுக்கு மாறி, ஹேண்டில்பாரை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சிறுநீர் கசிவதைச் சகஜம் என்று விடுவது

ஓடும்போது கசிந்தாலோ, கீழே ஏதோ கனமாக இறங்குவதுபோல இருந்தாலோ அன்றைய ஓட்டம் முடிந்தது. மறுநாள் நடை. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்பது

அப்படிக் கேட்டால் நடைப்பயிற்சி என்று நினைத்து "பண்ணுங்க" என்பார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ என்று சொல்லிக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா, கருப்பை வாய் நீளம் எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் எப்படி என்றும் கேளுங்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மேலே நான் சொன்ன அளவுகள் உங்களுக்கு இல்லை, டாக்டர் சொல்வதுதான். பயிற்சியின்போது ரத்தக்கசிவு, நீர் கசிவு, நெஞ்சுவலி, மயக்கம், கடும் தலைவலி, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும், குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.