பையனுக்கு திடீர்னு அடிவயிறு வலியா? ஜட்டிய கழட்டி பாக்காம விடாதீங்க

எங்க அக்கா பையன், 14 வயசு. நைட்டு 3 மணிக்கு வலியில முழிச்சவன் அடிவயிறு வலிக்குதும்மான்னு மட்டும்தான் சொன்னான், ரெண்டு தடவ வாந்தி வேற. அக்கா கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்து படுக்க வெச்சுட்டா. 7 மணிக்கு தெரு கிளினிக்ல வயித்த அமுக்கி பாத்துட்டு ஒரு ஊசி, அவ்ளோதான். 10 மணிக்கு மேல வேற டாக்டர்கிட்ட போனப்போ, அவர் மொத வேலையா "பேன்ட்ட எறக்குடா தம்பி"ன்னாரு. எடது விதைப்பை செவந்து வீங்கி கெடக்கு, அந்தப் பக்க விதை மத்தத விட மேல ஏறி குறுக்கால படுத்திருக்கு.

இதுக்கு டார்ஷன்னு பேரு. விதைக்கு ரத்தம் கொண்டு போற குழாயெல்லாம் ஒரு கயிறு மாதிரி சேர்ந்து வயித்துலேர்ந்து எறங்குது, விதை அதுல தொங்குது. சில பேருக்கு விதை பைக்குள்ள சரியா ஒட்டிக்காம மணியோட நாக்கு மாதிரி ஆடிட்டே இருக்கும், அது ஒரு நாள் சுத்திக்கிட்டா கயிறு முறுக்கி ரத்தம் நின்னு போயிடும். அடிபடணும்னு கூட இல்ல, தூக்கத்துலயே நடக்கும். அதனால "நேத்து பந்து பட்டுச்சுல்ல, அதான்"னு நாமளே முடிவு பண்ணிட்டு ஐஸ் வெச்சுட்டு உக்காந்திருக்கறதும் தப்புதான்.

மொத தப்பு எதுன்னா வயித்த மட்டும் பாக்கறது. விதையோட நரம்பு மேலேர்ந்து வர்றதால வலி அடிவயித்துல தெரியும், போதாததுக்கு இந்த வயசு பசங்க வெக்கப்பட்டு எடத்த சொல்லவே மாட்டானுங்க, நாமதான் நேரா கேக்கணும். பாக்கறப்போ ஒரு பக்கம் பை காலியா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ஏன்னா சின்ன வயசுலயே எறங்காம தொடைஇடுக்குல நின்னு போன விதையும் அங்கயே முறுக்கிக்கும், பாக்கறவங்க குடலிறக்கம்னு நெனச்சுக்குவாங்க.

ரெண்டாவது, விடியட்டும்னு காத்திருக்கறது. 6 மணி நேரத்துக்குள்ள முறுக்க எடுத்துட்டா பெரும்பாலும் விதை பொழைக்கும், 12 மணி நேரம் ஆச்சுன்னா பாதிக்கு பாதி, ஒரு நாள் தாண்டிட்டா அனேகமா போச்சு. நைட்டு 3 மணின்னா 3 மணிக்கே, ஆபரேஷன் வசதியும் சர்ஜனும் இருக்கற ஆஸ்பத்திரிக்கு போயிடணும். போற வழியில டீ பிஸ்கட் எதுவும் குடுக்காதீங்க, வயிறு ரொம்பியிருந்தா மயக்க மருந்து குடுக்கறது ரிஸ்க். இன்ஃபெக்ஷன்னு சொல்லி ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்தா, "முறுக்கு இல்லன்னு எப்படி சொல்றீங்க டாக்டர்"னு கூச்சப்படாம கேளுங்க. இன்ஃபெக்ஷன் வலி பொதுவா மெதுவா ஏறும், டார்ஷன் வலி நொடியில வந்து நிக்கும். டாக்டருங்க தொடையோட உள்பக்கம் லேசா கீறி பாப்பாங்க, நார்மலா இருந்தா அந்தப் பக்க விதை மேல துள்ளும், முறுக்கியிருந்தா பெரும்பாலும் துள்ளாது. சந்தேகமா இருந்தா டாப்ளர் ஸ்கேன் எடுப்பாங்க, ஆனா அறிகுறி பளிச்னு இருக்கறப்போ ஸ்கேன் க்யூவுல உக்காந்தா நேரம்தான் போகும், நேரா தியேட்டர்தான்.

இன்னொன்னு, வீட்ல நாமளே திருப்பி பாக்கறது. எந்தப் பக்கம் முறுக்கியிருக்குன்னு வெளியேர்ந்து தெரியாது, இன்னும் இறுக்கிட்டீங்கன்னா கதை முடிஞ்சுது.

இவனுக்கு 12 மணிக்கு தெறந்தாங்க, அதாவது வலி ஆரம்பிச்சு 9 மணி நேரம். ரெண்டு முழு சுத்து, விதை நாவப்பழ கலர்ல இருந்துச்சாம். முறுக்க எடுத்து வெதுவெதுப்பான துணியில சுத்தி வெச்சு பாத்திருக்காங்க, கொஞ்ச நேரத்துல கலர் திரும்பிச்சு. அத தையல் போட்டு நிறுத்திட்டு நல்லா இருந்த வலது பக்கத்தையும் தச்சுட்டாங்க. "அத ஏன் தொட்டீங்க"ன்னு மாமா சண்டைக்கு போனாரு, ஆனா விதை ஒட்டாம ஆடற அந்த அமைப்பு பெரும்பாலும் ரெண்டு பக்கமும் இருக்கும், விட்டா அதுவும் ஒரு நாள் சுத்திக்கும்.

6 மாசம் கழிச்சு பாத்தா எடது கொஞ்சம் சின்னதாயிருக்கு. ரத்தம் நின்னா விந்து உண்டாக்கற செல்தான் மொதல்ல சாகும், ஹார்மோன் சுரக்கற செல் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஒண்ணு மங்கினாலும் மூளையில இருக்கற பிட்யூட்டரி சிக்னல ஏத்தி இன்னொண்ண வேல வாங்கிக்கும், அதனால மீச தாடி, பின்னாடி கொழந்தை எல்லாத்துக்கும் நல்லா இருக்கற ஒண்ணே பொதுவா போதும். யாரோ சொந்தக்காரர் "டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா தெம்பு வரும்"னாரு, டெஸ்ட்ல கொறையே இல்லாதப்போ அது வெனைதான். வெளியேர்ந்து ஹார்மோன் வந்தா பிட்யூட்டரி போதும்னு சிக்னல நிறுத்திடும், மிச்சமிருக்கற விதையும் விந்து உண்டாக்கறத கொறைச்சுக்கும்.

ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள்தான் பையன் வாய தொறந்தான், ரெண்டு மாசம் முன்னாடியும் இதே வலி வந்து பத்து நிமிஷத்துல தானா போயிடுச்சாம். முறுக்கி தானா அவுந்திருக்கு போல. அன்னிக்கே சொல்லியிருந்தா சாவகாசமா நாள் பாத்து தச்சிருப்பாங்க.