ஏழு மாதம் நின்ற வெப்சைட் வேலையை மறுபடி தொடங்குவது எப்படி?

ஒரு ஜவுளிக் கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் செய்துகொண்டிருந்தோம். கடைக்காரர் புதுக் கிளை திறக்கப் போனதால் 2025 ஜூனில் வேலை நின்றது. ஜனவரியில் போன் செய்தார்: "தம்பி, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சிடலாமா? எப்ப முடியும்?"

இதற்குப் போனிலேயே தேதி சொல்லிவிடாதீர்கள். மூன்று நாள் கேளுங்கள்.

முதலில், பழையதை ஓட்டிப் பாருங்கள். கடைசியாக யார், எப்போது, எதில் கை வைத்தார் என்று இது காட்டும்:

```
git log -5 --date=short --format="%ad %an %s"
```

அப்புறம் சோதனைத் தளத்தைத் திறந்து ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். எங்களுடையது திறக்கவே இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான். சர்வரை நிறுத்தி வைத்திருந்ததால் அது புதுப்பிக்கப்படவில்லை. இப்படிப்பட்ட சில்லறைப் பழுதுகளைச் சரிசெய்யவே 3 ஆள்நாள் போனது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து, வேலைப் பட்டியல். பழைய பட்டியலில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'முடிந்தது', 'பாதி', 'தொடவில்லை' என்று எழுதுங்கள். அதோடு, வேலை நின்றிருந்த மாதங்களில் வெளியே என்ன மாறியது என்றும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எங்கள் பில் பகுதி 'முடிந்தது' என்றுதான் இருந்தது. 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5%, அதற்கு மேல் 12% என்று ஜிஎஸ்டி போடும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. அப்படியே வெளியிட்டிருந்தால் 1,500 ரூபாய்ச் சட்டைக்குத் தப்பான வரி போயிருக்கும். யாரும் கேட்காத வேலைதான், ஆனாலும் 2 ஆள்நாள். பட்டியலில் தனி வரியாகக் காட்டினோம்.

மூன்றாவது, ஆட்கள். இருந்த இருவரில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரை முதல் இரண்டு வாரத்துக்கு அரை ஆளாகக் கணக்கிட்டோம்; அதில் 5 ஆள்நாள் குறையும். ஆள் மாறியதை வாடிக்கையாளரிடம் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். பாதியில் அவருக்கே தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

இப்போது தேதி. மீதி வேலை 30, பழுது 3, வரி 2, புதியவருக்காக 5. ஆக 40 ஆள்நாள். இரண்டு பேர் என்றால் 20 வேலைநாள், அதாவது நான்கு வாரம். காலண்டர் தேதி கொடுக்காமல், அவர் தரவேண்டியது கைக்கு வரும் நாளிலிருந்து எண்ணுங்கள். மெயிலில் நாங்கள் எழுதியது:

"ஐயா, துணிப் படங்களும் புது விலைப் பட்டியலும் வந்த மறுநாளிலிருந்து 20 வேலைநாளில் தளம் தயாராகும். பழைய பட்டியலில் 'பரிசுக் கூப்பன்' இன்னும் தொடவில்லை. அது வேண்டாமென்றால் 4 ஆள்நாள் குறையும், இரண்டு நாள் முன்பே முடிப்போம். எது வேண்டும் என்று பதில் எழுதுங்கள்."

அவர் பதில் எழுதவில்லை. "சரி, கூப்பன் வேண்டாம், ஆரம்பிங்க" என்று போனில் சொன்னார். அன்றே அதே மெயிலின் கீழ், "இன்று போனில் பேசியபடி கூப்பன் இல்லை, 18 வேலைநாள்" என்று எழுதி அனுப்பினோம். படங்கள் வர ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள்தான் எண்ண ஆரம்பித்தோம்.